பெயரைக் கொடுக்காமலே ஜாதகம் கணிக்கலாம்

ஜாதகக் கட்டம் போட ஒரு தளத்துக்கு வேண்டியவை மூன்றுதான்: பிறந்த தேதி, நேரம், ஊர். பெயர், கைபேசி எண், அம்மாவின் பெயர் எதுவும் கணக்கில் சேராது. ஆனால் இவையெல்லாம் பிறந்த தேதியோடு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், வங்கிகள் ஆளைச் சரிபார்க்கக் கேட்கும் விவரங்கள் பிறர் கைக்குப் போய்விடும்.

படி 1: பெயரை மறையுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். பெயர்க் கட்டத்தில் "க" என்று ஓர் எழுத்து போதும். கைபேசி எண் கட்டாயம் என்றால் வேறு தளத்துக்குப் போங்கள். சிலர் பாதுகாப்புக்காக நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிப் போடுகிறார்கள். லக்னம் சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். பத்து நிமிடத்தில் நவாம்சமே மாறிவிடக்கூடும்.

படி 2: கிராமத்துக்குப் பதில் பக்கத்து நகரம். நகரம் 28 கி.மீ. கிழக்கே இருக்கிறது என்று வையுங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் அது கால் பாகை தீர்க்கரேகை, அதாவது ஒரு நிமிட வித்தியாசம். கிராமத்துக்கு லக்னம் கன்னி 12 பாகை 10 கலை என்றால், நகரத்துக்குச் சுமார் 12 பாகை 25 கலை வரும். ராசியும் மாறாது, நவாம்சமும் மாறாது. ஆனால் லக்னம் 29 பாகை 50 கலை என்றிருந்தால் அடுத்த ராசிக்குத் தாவிவிடும். இப்படி எல்லையில் நின்றால் மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு தசம இடம்வரை கொடுங்கள். பிழை ஏறக்குறைய 8 கி.மீ.க்குள் நின்றுவிடும்.

படி 3: செயலிக்கு அனுமதி. தொடர்புகள், இருப்பிடம் இரண்டையும் மறுத்துவிடுங்கள். ஊரைத் தட்டச்சு செய்தால் போதும்.

படி 4: கட்டத்தைப் பகிரும்போது. பலரும் சறுக்குவது இங்கேதான். மேலே உள்ள தேதியை வெட்டிவிட்டுக் கட்டத்தைக் குழுவில் போடுகிறார்கள். கட்டமே தேதியைச் சொல்லிவிடும். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு, குரு ஓராண்டு. இரண்டையும் சேர்த்தால் பிறந்த ஆண்டு தெரியும். சூரியன் மாதத்தைக் காட்டும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள்தான், எனவே தேதி கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும். லக்னம் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கும். பாகை, கலை போட்ட அட்டவணையும் சேர்ந்தால் நிமிடம்வரை போய்விடும். தசா இருப்பு அட்டவணையும் அப்படித்தான். ஆகவே பொதுவில் கேட்கும்போது ராசி, நட்சத்திரம், லக்னம் மூன்றை மட்டும் எழுதுங்கள். முழுக் கட்டத்தை நீங்கள் நம்பும் ஒருவருக்குத் தனியே அனுப்புங்கள்.

இணைப்பாக அனுப்புகிறீர்களா? முதலில் முகவரிப் பட்டையைப் பாருங்கள். சில தளங்களில் அது இப்படி இருக்கும்:

```
?name=...&dob=...&tob=...
```

அந்த இணைப்பை யார் திறந்தாலும் தேதியும் நேரமும் தெரியும். இணைப்பை விட்டுவிட்டு, வேண்டிய வரிகளை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள். தளத்தில் சேமித்த ஜாதகங்கள் இருந்தால், செயலியை நீக்கும் முன் அவற்றை அழியுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் அவர்கள் சேவையகத்தில் உள்ளது போகாது.