மேட்ச்டு ஃபில்டர்: செவ்வகத் துடிப்பு மறைத்துவிடும் தவறுகள்

வடிவம் தெரிந்த ஒரு துடிப்பை வெள்ளை இரைச்சலுக்குள் தேட, மேட்ச்டு ஃபில்டரைவிடச் சிறந்த நேரியல் வடிகட்டி கிடையாது. எழுதியதைச் சோதிக்கும்போது பெரும்பாலோர் செவ்வகத் துடிப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், எல்லாம் சரியாக வந்தது. அதுதான் வம்பு. செவ்வகத்தை முன்பின்னாகத் திருப்பினாலும் அது அதே செவ்வகம். திருப்ப மறந்தவனை அது காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே சாய்வுத் துடிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0 வோல்ட்டில் தொடங்கி, 1 மில்லி விநாடியில் நேர்கோடாக 3 வோல்ட்டுக்கு ஏறி, சட்டென்று பூஜ்யமாகிறது. உச்ச உயரம் A, நீளம் T என்றால் இதன் ஆற்றல் E = A²T/3, அதாவது 9 × 0.001 / 3 = 0.003. வெள்ளை இரைச்சலின் இருபக்கத் திறன் அடர்த்தி N₀/2 = 0.0001 என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டு உச்சத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 2E/N₀. இங்கே அது 30, ஏறக்குறைய 14.8 டெசிபெல்.

நம் துடிப்பு s(t) என்றால், இந்த 30 கிடைக்க வடிகட்டியின் இம்பல்ஸ் மறுமொழி h(t) = s(T−t) ஆக இருக்க வேண்டும். கன்வல்யூஷன் தன் பங்குக்கு ஒரு முறை திருப்புவதால், நாம் முன்கூட்டியே திருப்பிவைத்தால்தான் இரண்டும் கழிந்து, t = T என்ற கணத்தில் துடிப்பு தன்மீதே அச்சாகப் பொருந்தும். திருப்பாமல் h(t) = s(t) என்று வைத்தால் என்ன ஆகும்? இரண்டு வடிகட்டிகளுக்கும் ஆற்றல் ஒன்றே என்பதால் வெளியே வரும் இரைச்சலின் அளவு மாறாது. சமிக்ஞைதான் அடி வாங்குகிறது. 1 மில்லி விநாடியில் அதன் உயரம் சரியான மதிப்பில் பாதி, விகிதம் 7.5. முழுதாக 6 டெசிபெல் போய்விட்டது. உச்சத்தைத் தேடிப் போனால் அது 1.41 மில்லி விநாடியில் (சரியாக √2·T) உட்கார்ந்திருக்கும். அங்கேயும் விகிதம் 20.6 மட்டுமே. உச்சம் வரவேண்டிய நேரத்தில் வராமல் தள்ளிப் போவதுதான் இந்தத் தவறின் அடையாளம். வெளியீட்டை வரைந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பைத்தானின் நம்பை நூலகத்தில் சரியான வரி இது, r என்பது இரைச்சலோடு வந்த சமிக்ஞை:

```python
y = np.convolve(r, np.conj(s[::-1]))
```

கலப்பெண் சமிக்ஞையாக இருந்தால் `conj` கட்டாயம். மெய்யெண் சமிக்ஞையில் அது எதையும் மாற்றாது என்பதால், அதை எழுத மறந்தது வெகுநாள் வெளியே தெரியாது.

அடுத்தது இரண்டால் வரும் தொல்லை. சில இடங்களில் இரைச்சல் அடர்த்தியை இருபக்கமாகவும், சில இடங்களில் நேர் அதிர்வெண்களுக்கு மட்டும் ஒருபக்கமாகவும் தருவார்கள். நம் எடுத்துக்காட்டில் ஒருபக்க மதிப்பு 0.0002. இதையே N₀/2 என்று எண்ணிப் போட்டால் விடை 15 ஆகிவிடும். 0.0001-ஐ N₀ என்று எண்ணினால் 60. விடை 3 டெசிபெல் துல்லியமாகப் பிசகினால், வடிகட்டியைச் சந்தேகிக்கும் முன் இந்த இடத்தைப் பாருங்கள்.

கணினியில் பாவனை செய்யும்போது இதே 3 டெசிபெல் வேறு வழியாகவும் நுழையும். மாதிரி வேகம் fs நொடிக்கு 1,00,000 என்றால் துடிப்பில் 100 மாதிரிகள் இருக்கும், அவற்றின் வர்க்கக் கூட்டல் சுமார் 300. ஒவ்வொரு மாதிரியிலும் இரைச்சலின் மாறுபாடு (N₀/2) × fs, அதாவது 10. 300 / 10 = 30, கணக்கு ஒத்துப்போகிறது. இப்போது மாதிரி வேகத்தை இரட்டித்துவிட்டு, இரைச்சலின் மாறுபாட்டை 10-லேயே விட்டால் விகிதம் 60 என்று காட்டும். வேகமாக மாதிரி எடுத்ததால் லாபம் வந்ததாகத் தோன்றும். உண்மையில் நீங்கள் N₀-ஐப் பாதியாக்கிவிட்டீர்கள். மாறுபாட்டை 20 ஆக்கினால் மீண்டும் 30 வரும்.

துடிப்பின் வடிவத்தை மாற்றி விகிதத்தை உயர்த்தலாம் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. வெள்ளை இரைச்சலில் அது பலிக்காது. 1.73 வோல்ட் உயரமுள்ள 1 மில்லி விநாடி செவ்வகத்துக்கும் ஆற்றல் 0.003-தான், விகிதமும் 30-தான். வடிவம் மாறினால் உச்சத்தின் கூர்மை மாறும், அதனால் நேரத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம் என்பது மாறும். அது வேறு கேள்வி. வடிகட்டியின் பெருக்கத்தை ஏற்றுவதும் வீண், சமிக்ஞையும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். இரைச்சல் வெள்ளையாக இல்லையென்றால் முதலில் அதை வெளுக்க வேண்டும். அதே வெளுப்பி துடிப்பின் வடிவத்தையும் மாற்றிவிடும் என்பதால், மாறிய வடிவத்துக்குத்தான் ஃபில்டரைப் பொருத்த வேண்டும்.

விகிதத்தை அளப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இரைச்சலோடு கலந்த வெளியீட்டில் மிகப்பெரிய மதிப்பைத் தேடி, அதன் வர்க்கத்தைச் சமிக்ஞைத் திறன் என்று எடுத்தால் விடை வழக்கமாகவே ஏறிப்போகும். இரைச்சல் எங்கே மேலே தூக்கிவிட்டதோ அந்த இடத்தைத்தானே தேடல் பிடிக்கும். துடிப்பை மட்டும் தனியே செலுத்தி t = T-இல் வரும் மதிப்பை எடுங்கள், நமக்கு அது 0.003. இரைச்சலை மட்டும் தனியே செலுத்தி மாறுபாட்டை அளந்தால் 0.0000003-க்கு அருகில் வர வேண்டும். முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டாவதால் வகுத்தால் 30. (நம்பையின் கூட்டலை இந்த அலகுக்குக் கொண்டுவர, வெளியீட்டை fs-ஆல் வகுக்க வேண்டும்.)