தறியிறையைக் குறைக்கச் சொல்லும் ஓலை: எழுதுகிறவர்கள் தவறும் இடங்கள்

கொங்கு நெசவாளர்கள் அரசனிடம் வரிக்குறைப்புக் கேட்கும் காட்சியை நடிப்பதற்காக விண்ணப்பம் எழுதச் சொன்னால், பலரும் உடனே கண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். "பசியால் வாடுகிறோம், மன்னா" என்று தொடங்கி அப்படியே முடிக்கிறார்கள். எந்த வரி, யார் வாங்குகிறார்கள், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கடைசிவரை தெரியாது. அரசனாக நடிப்பவர் இரக்கப்படலாமே தவிர, ஆணையிட ஒன்றும் கிடைக்காது.

அதற்கும் முன்னால் காலத்தை முடிவு செய்ய வேண்டும். கொங்குச் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார் என்று கொங்கை ஆண்டவர்கள் பலர். நான் விசயநகரக் காலத்தைப் பரிந்துரைப்பேன். தறிவரி பற்றிய கல்வெட்டுச் செய்திகள் அக்காலத்தில் நிறைய உண்டு. அப்படியானால் பவானி ஜமக்காளத்தை ஓலைக்குள் கொண்டுவரக் கூடாது. அது 19ஆம் நூற்றாண்டில், சீமைத் துணியின் போட்டிக்கு நடுவே எழுந்த சரக்கு. விசைத்தறிக்கும் இடமில்லை. குழித்தறி, பாவு, ஊடை, கஞ்சி போதும்.

இனி வரிக்கு வருவோம். தறியிறை, தறிக்கடமை என்று கல்வெட்டுகள் சொல்வது தறிக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி. துணி விற்றதா என்று அது கேட்பதில்லை. இங்கேதான் குறையின் உயிர்நாடி இருக்கிறது. பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க வெயில் வேண்டும். அடைமழை பிடித்தால் பாவு இல்லை, தறியும் நிற்கும், கடமை மட்டும் நிற்காது. வெறும் வறுமைப் புலம்பலைவிட இந்த ஒரு செய்தி அதிகாரியின் காதில் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடிப்புக்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள்தான். கொங்கின் பூந்துறை நாட்டில், நெசவுக் குடிகளான கைக்கோளரின் தெரு ஒன்று. ஏட்டில் 30 தறி, தறிக்கு ஆண்டுக்கு அக்கால நாணயமான பணம் 3, மொத்தம் 90. ஆனால் ஓடுவது 19 தறிதான். 11 குடிகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கான 33 பணத்தையும் இருப்பவர்கள் தலையில் கட்டுகிறார்கள். "வரியை முழுவதும் நீக்குக" என்று எழுதுவது இங்கே பெரிய பிழை. எந்த அரசனும் 90 பணத்தைச் சும்மா விடமாட்டான். "ஓடும் தறிக்கு மட்டும் 3 பணம் தருகிறோம், 57 தவறாமல் வரும். திரும்பி வரும் குடிக்கு முதலாண்டு இறையிலி, இரண்டாமாண்டு பாதி, மூன்றாமாண்டு முழுக் கடமை" என்று கேட்கட்டும். எட்டுக் குடி திரும்பினால் மூன்றாமாண்டில் 81 பணம். குடியேறுவோருக்குச் சில ஆண்டுகள் சலுகை தருவது அக்காலத்தில் பழக்கத்தில் இருந்ததுதான்.

பலர் மறப்பது கோயிலை. ஒரு தெருவின் தறிவரி பல இடங்களில் கோயிலுக்கே விடப்பட்டிருக்கும். அப்போது குறைப்புக் கேட்பது சாமியின் விளக்கெண்ணெயில் கைவைப்பது போலத் தோன்றும். கோயிலை நிர்வகிக்கும் தானத்தார் எதிர்த்து நிற்பார்கள். ஓலையிலேயே அதற்கு வழி சொல்லிவிட வேண்டும்: குறையும் பணத்துக்கு ஈடாகத் திருவிழாவுக்குப் பரிவட்டமும் திரைச்சீலையும் நெய்து தருகிறோம் என்று. நாடகத்தில் நல்ல வாதம் எழுவதும் இந்த இடத்தில்தான்.

குரலிலும் தவறுகிறார்கள். "கொடுங்கோலனே, உரிமையைக் கொடு" என்பது இன்றைய மேடைப் பேச்சு. குற்றத்தை வரி தண்டுகிறவன்மேல் வைத்து, அரசனுக்கு இது தெரியாது என்பதுபோல் எழுத வேண்டும். அதற்காக நெசவாளரைக் கையாலாகாதவராக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டுப் பெயர்ந்துபோவது அவர்கள் கையில் இருந்த உண்மையான ஆயுதம். காவிரியின் கீழ்ப்பகுதியில் 1429இல் வலங்கை, இடங்கை என்னும் இரு சாதிக் கூட்டத்தினரும் கூடி, இன்ன வரி இவ்வளவே கொடுப்போம் என்று தாங்களே வரையறுத்துக் கல்லில் வெட்டினார்கள். ஊரைவிட்டுப் போவதை ஓலையில் மிரட்டலாக எழுதாமல், "குடிகள் நிலைத்திருக்க ஒண்ணாத நிலை" என்று ஒரு வரியில் விட்டுவிட்டால் படிப்பவனுக்குப் புரியும். தனியொருவர் பெயரில் எழுதுவதும் பொருந்தாது. தெருவார் அனைவரும் சேர்ந்து சொல்வதாக இருக்கட்டும்.

வேண்டுகோளை உருப்படி உருப்படியாக எழுதுங்கள். கொங்குக் கம்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வந்த ஆணையைப் பாருங்கள்: இரட்டைச் சங்கு ஊதலாம், காலுக்குச் செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். என்ன கிடைத்தது என்பதில் மயக்கமே இல்லை. நம் ஓலையின் கடைசிப் பகுதி இப்படி வரலாம்:

"நின்ற தறிக்குக் கடமை கொள்ளாது ஒழியவும், போன குடியின் கடமை இருந்த குடிமேல் ஏற்றாது ஒழியவும், திரும்பி வந்த குடிக்கு முதலாண்டு இறையிலியாகவும் திருவுளம் பற்றி, இப்படிக்குக் கல்லிலே வெட்டிக்கொள்ள ஓலை தந்தருள வேண்டும்."