பன்மொழிப் பள்ளி வினாடி வினா: சொல்விளையாட்டுக் கேள்விகளை ஒவ்வொரு மொழியிலும் புதிதாக எழுதுவது எப்படி?

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ பல பள்ளிகளைச் சேர்த்து ஒரு வினாடி வினா நடத்தினால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளும் ஒரே அரங்கில் வந்து உட்காருவார்கள். தியாகராஜர் தெலுங்கில் பாடிய திருவையாறும், இன்றும் தெலுங்கில் பாகவத மேளா நடக்கும் மெலட்டூரும் இந்தப் பகுதியிலேயே இருப்பதால், தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வரக்கூடும். இந்த மூன்று மொழிகளுக்கும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு, வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். பொது அறிவுக் கேள்விகள் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பாலும் இடம் கொடுத்துவிடும். சொல்விளையாட்டுக் கேள்விகள் இடம் கொடுப்பதில்லை என்பதால், அவற்றின் மேல்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

படி 1: கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள்

கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுத்து, அது தகவல் கேள்வியா சொல்விளையாட்டுக் கேள்வியா என்று பக்கத்தில் குறியுங்கள். பிரிப்பதற்கு ஒரு சோதனை போதும்: விடையை வேறு மொழியில் சொன்ன பிறகும், அதுவே விடை என்பதற்கான காரணம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காவிரி எந்த மாவட்டத்தில் பிறக்கிறது என்று கேட்டால், குடகு என்பதற்கான காரணம் எந்த மொழியிலும் ஒன்றுதான். அது தகவல் கேள்வி.

இந்தச் சோதனையை எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஏனெனில் சில சொல்விளையாட்டுகள் தகவல் கேள்வியைப் போலவே தோற்றமளிக்கும். 'திருவையாறு என்ற ஊர்ப்பெயர் எத்தனை ஆறுகளைக் குறிக்கிறது?' என்ற கேள்வியைத் தமிழில் படிக்கும் பிள்ளை, பெயரைத் திரு, ஐ, ஆறு என்று பிரித்தாலே ஐந்து என்று எழுதிவிடும். அதையே ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பெயரைப் பிரிக்க வழியில்லை. முன்பே தெரிந்திருந்தால்தான் விடை வரும். ஒரே மதிப்பெண்ணுக்கு ஒருவர் யோசிக்கிறார், மற்றவர் நினைவிலிருந்து எடுக்கிறார். இதைச் சரிசெய்ய, 'திருவையாற்றுக்குப் பெயர் தந்த ஐந்து ஆறுகளில் சேராதது எது?' என்று கேட்டு, காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, பாலாறு என நான்கு விருப்பங்களைக் கொடுக்கலாம். மூன்று மொழிகளிலும் விடை பாலாறு. மூன்று மொழிகளிலும் அதற்குத் தேவைப்படுவது ஊரறிவு மட்டுமே.

படி 2: தகவல் கேள்விகளை மொழிபெயருங்கள்

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. விருப்பங்களின் வரிசை மூன்று தாள்களிலும் ஒன்றாக இருக்கட்டும். அகரவரிசைப்படி அடுக்கினால் ஒவ்வொரு மொழியிலும் வரிசை மாறி, தமிழ்த் தாளில் 'இ' என்றிருக்கும் விடை ஆங்கிலத் தாளில் வேறு எழுத்துக்குப் போய்விடும். விடைக்குறிப்பில் எழுத்தை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்தே எழுதுங்கள். தேதிகளில் மாதத்தைச் சொல்லால் கேளுங்கள். மேட்டூர் அணை குறுவைக்காக வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. ஒரு பிள்ளை 12-6 என்றும் இன்னொன்று 6-12 என்றும் எழுதினால் திருத்துபவர் குழம்புவார். காவிரி, காவேரி என்ற இரு வழக்குகளையும் ஏற்கும்படி முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

படி 3: சொல்விளையாட்டுக்கு ஓர் அட்டை எழுதுங்கள்

எந்த மொழியிலும் கேள்வியை எழுதத் தொடங்கும் முன், அந்தக் கேள்வி பிள்ளையை என்ன செய்ய வைக்கிறது என்பதை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். மொழிக்கு மொழி சொல் மாறலாம். அட்டையில் உள்ளவை மாறக் கூடாது. ஏழாம் கேள்விக்கான அட்டையை இப்படி எழுதலாம்: கருப்பொருள், ஆறு; உத்தி, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்; குறிப்புகள் இரண்டு, அவற்றுள் ஒன்று ஆற்றைச் சேர்ந்தது, மற்றது அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தது; விடை ஒரே சொல்; மதிப்பெண் இரண்டு.

தமிழ்க் கேள்வி எளிதில் அமையும். 'ஐந்துக்கு அடுத்து நிற்பேன். தஞ்சை வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருவேன். இரண்டுக்கும் ஒரே பெயர். நான் யார்?' விடை, ஆறு. இதை ஆங்கிலத்துக்கு வரிக்கு வரி கொண்டுபோனால் ஒன்றும் மிஞ்சாது. சிக்ஸ் வேறு, ரிவர் வேறு.

ஆகவே ஆங்கிலத்தில், ஆற்றோடு தொடர்புடைய சொற்களில் எதற்கு இரண்டு பொருள் உண்டு என்று தேட வேண்டும். ஆற்றின் படுகைக்குப் பெட், முகத்துவாரத்துக்கு மௌத் என்று சொல்வதை வைத்து ஒரு பழைய விடுகதை உண்டு. பல பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள் என்பதால், கேட்டவருக்கு நினைவும் கேளாதவருக்கு யோசனையும் என்று போட்டி சாய்ந்துவிடும். அதை நான் எடுக்கமாட்டேன். ஆற்றங்கரையையும் வங்கியையும் குறிக்கும் பேங்க் என்ற சொல் இங்கே பொருந்தும். கேள்வியின் கருத்து இதுதான்: 'பணத்தைப் பத்திரமாக வைக்க என்னிடம் வருவீர்கள், காவிரி ஓடும் வழியெல்லாம் அதன் பக்கத்தில் நான் இருப்பேன். நான் யார்?' அட்டையில் உள்ள எல்லாம் நிறைவேறுகிறது.

தெலுங்கில் ஆற்றுக்கு ஏரு, ஆறு என்ற எண்ணுக்கு ஆரு என்பார்கள். இரண்டும் நெருங்கி ஒலிப்பதால், ஏரு என்பதன் முதல் எழுத்தை மாற்றி ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்ற எண்ணம்தான் முதலில் தோன்றும். அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதல் எழுத்தை மாற்றினால் ஆரு கிடைக்கும். நூறைக் குறிக்கும் நூரு என்ற சொல்லும் கிடைக்கும். இரண்டும் சரியான விடைகள். 'பத்துக்கும் குறைந்த எண்' என்று ஒரு குறிப்பைச் சேர்த்து நூருவை விலக்கிவிடலாம். ஆனால் உத்தி மாறிப்போனது அப்படியேதான் நிற்கும். மற்ற இரண்டு மொழிப் பிள்ளைகள் பொருளைத் தேடும்போது இவர்கள் எழுத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏரு என்ற சொல்லுக்குத் தெலுங்கில் 'பொறுக்கு' என்ற இன்னொரு பொருளும் உண்டு. அரிசியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கச் சொல்வதற்கு வீட்டில் புழங்கும் சொல் அது. எனவே கேள்வி இப்படி அமையும்: 'மேட்டில் பிறந்து பள்ளம் நோக்கி ஓடுவேன், அரிசியில் கல் கிடந்தால் என்னைச் சொல்லித்தான் அம்மா உன்னை வேலை ஏவுவார். நான் யார்?' ஒரு குறிப்பு ஆற்றைச் சேர்ந்தது, மற்றது சமையலறையைச் சேர்ந்தது, விடை ஒரே சொல். தமிழ்க் கேள்வியில் எண் இருக்கும் இடத்தில் தெலுங்கில் வினை வந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். யோசிக்கும் வழி ஒன்றாக இருப்பதே முக்கியம்.

படி 4: எழுத்தை எண்ணச் சொல்லும்போது எச்சரிக்கை

'மூன்றெழுத்துச் சொல்' போன்ற குறிப்புகளை அந்தந்த மொழியின் கணக்குப்படியே எழுதுங்கள். காவிரிக்குப் பிள்ளைகள் மூன்றெழுத்து என்று எண்ணுவார்கள், அதுவே சரி. விரிதாளோ உயிர்மெய்க் குறியைத் தனியாக எண்ணும். கீழே உள்ள சூத்திரம் 6 என்று காட்டும்:

```
=LEN("காவிரி")
```

ஆகவே தமிழிலும் தெலுங்கிலும் எழுத்தெண்ணிக்கையைக் கையால்தான் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலத்திலோ இந்த ஆற்றின் பெயருக்கே Kaveri, Cauvery என்று ஆறெழுத்தும் ஏழெழுத்துமாக இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அதை எழுத்தெண்ணும் கேள்விக்கு எடுக்கவே வேண்டாம்.

வாய்மொழிச் சுற்றுக்கு இன்னொரு கட்டுப்பாடும் தேவை. அரை, அறை போன்ற ஜோடிகள் தாளில் அழகான கேள்விகளாகும். ஒலிபெருக்கியில் வாசித்தால் பலருடைய பேச்சில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். எழுத்து வேறுபாட்டில் நிற்கும் கேள்விகளை எழுத்துச் சுற்றில் மட்டும் வையுங்கள்.

படி 5: விடைக்குறிப்பை மொழிவாரியாக எழுதுங்கள்

சொல்விளையாட்டுக் கேள்விக்கு ஒரே பொது விடைக்குறிப்பு போதாது. ஒவ்வொரு மொழிக்கும் விடை, அதற்கான காரணம், ஏற்கத்தக்க மாற்று விடைகள், ஏற்கக் கூடாதவை என நான்கும் வேண்டும். காரணத்தை எழுதாமல் விட்டால், அந்த மொழி தெரியாத ஒருங்கிணைப்பாளர் முறையீடு வரும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்.

ஏழாம் கேள்விக்குத் தமிழ் விடைக்குறிப்பில், ஆறு என்பது விடை. 6 என்று இலக்கத்தில் எழுதினால் ஏற்கலாம், ஏனெனில் அதை ஆறு என்றுதான் படிப்போம். காவிரியும் வாய்க்காலும் முதல் குறிப்புக்குப் பொருந்தாததால் ஏற்கக் கூடாது. 'ஆரு' என்று ரகரம் இட்டு எழுதினால் என்ன செய்வது என்பதையும் போட்டிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இந்தக் கேள்வி பொருளைச் சோதிப்பதால் நான் ஒரு மதிப்பெண் தருவேன்; ரகர றகர வேறுபாட்டையே கேட்கும் கேள்வியென்றால் தரமாட்டேன். ஆங்கிலத்தில் ஒருமையோ பன்மையோ ஏற்கலாம். 'ரிவர் பேங்க்' என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் தரலாம், சொல்லை அவர் கண்டுபிடித்துவிட்டார். ரிவர் என்று மட்டும் எழுதினால் கூடாது. தெலுங்கில் நதி என்ற விடை இரண்டாம் குறிப்புக்குப் பொருந்தாது.

விரிதாளின் முதல் நிரலில் கேள்வி எண்ணை Q07 என்றும், அடுத்ததில் மொழியை ta, en, te என்றும் இட்டு, ஒரு மொழிக்கு ஒரு வரியாக நிரப்புங்கள். முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, காலியாக உள்ள ஒரு நிரலின் இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரத்தை இட்டுக் கீழுள்ள வரிகளுக்கும் நகலெடுத்தால், எல்லா வரிகளிலும் 3 வர வேண்டும். 2 வந்தால் ஒரு மொழி விடுபட்டிருக்கிறது, 4 வந்தால் ஏதோ ஒன்று இருமுறை பதிவாகியிருக்கிறது:

```
=COUNTIF(A:A,A2)
```

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கேள்விகளை அப்படியே ஒட்டினால் பொருளற்ற எழுத்துக்களாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 6: மற்ற மொழிகளைக் காட்டாமல் சோதியுங்கள்

ஒவ்வொரு மொழித் தாளையும், அந்த மொழியில் படிக்கும் ஒருவரிடம், மற்ற இரண்டு தாள்களையும் காட்டாமல் கொடுங்கள். தமிழ்த் தாளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத் தாளைப் படிப்பவருக்கு, ஆற்றைச் சுற்றித்தான் விடை இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும். அவர் சொல்லும் விடை உங்கள் குறிப்பில் இல்லையென்றால், தவறு என்று ஒதுக்கும் முன் இரண்டு குறிப்புகளையும் அந்த விடையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், மாற்று விடையாகச் சேர்க்க வேண்டும் அல்லது அதை விலக்கும் ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்க்க வேண்டும். நூரு என்ற விடையைப் போன்றவை வெளிப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு மொழியில் சோதித்தவர்கள் எல்லோரும் உடனே விடை சொல்லி, இன்னொரு மொழியில் எல்லோரும் திணறினால், கடினமான தாளில் குறிப்பை நீட்டுவதைவிட எளிதான தாளில் கேள்வியை மாற்றுவது நல்லது. நீளமான குறிப்பு படிக்கும் நேரத்தைக் கூட்டி வேறொரு ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். இரண்டு முறை மாற்றியும் ஒரு மொழியில் இணையான கேள்வி அமையவில்லையென்றால், அந்த எண்ணுக்குரிய கேள்வியை மூன்று தாள்களிலிருந்தும் நீக்கி, அதன் இடத்தில் ஒரு தகவல் கேள்வியை வையுங்கள்.

திருத்துவதற்கு முன், ஒவ்வொரு மொழி விடைக்குறிப்பின் தலைப்பிலும் மொழியின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, அந்த மொழித் தாள்களோடு சேர்த்தே கட்டுங்கள். திருத்தும்போது எதிர்பாராத விடையொன்று ஏற்கப்பட்டால், அதை அப்போதே விடைக்குறிப்பில் கையால் எழுதி, முன்பே திருத்தி முடித்த தாள்களில் அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி பாருங்கள்.