முகவீக்கம் ஒன்று, வரிசை இரண்டு

டர்பனில் மருத்துவம் படிக்கும் என் தங்கை, நோயியல் வகுப்பு முடிந்ததும் நோய், காரணம், அறிகுறி, சிகிச்சை என்று கட்டம் போடுவாள். ஆனாலும் இரண்டு சிறுநீரக நோய்கள் குழம்பின. இரண்டுக்கும் ‘முகவீக்கம்’ என்றே எழுதியிருந்தாள்!

காரணக் கட்டத்தில், உள்ளே நடப்பதையும் எழுதச் சொன்னேன். தொண்டைப் புண் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும் நோயில் சிறுநீரக வடிகட்டி அழற்சியாகி ரத்தம் கசிகிறது. அதனால் கோலா நிறச் சிறுநீர், உயர் ரத்த அழுத்தம். சிகிச்சை உப்புக் குறைப்பு, நீர் பிரியும் மாத்திரை. மினிமல் சேஞ்ச் நோயில் ஒழுகுவது புரதம். அதனால் நுரைக்கும் சிறுநீர், சிகிச்சை ஸ்டீராய்டு.

அப்புறம் இரு வரிசையையும் அடுத்தடுத்து வைத்து, காரணத்தைக் கையால் மூடிக்கொண்டு அறிகுறியிலிருந்து சொல்லிப் பார்த்தாள்.