காலப் பிழையைச் சுட்டுங்கள், நடையைத் தொடாதீர்கள்

ஆங்கிலக் கட்டுரை விடையைத் திருத்தும்போது, கதை எந்தக் காலத்தில் நகர்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் வினைச்சொற்களை மட்டும் வரிசையாகப் படித்தால் தடுமாற்றம் உடனே தெரிந்துவிடும்.

மழையில் நாய் தொலைந்ததை ஒரு மாணவி எழுதுகிறாள். வினைகள் ‘வென்ட்’, ‘ஹர்ட்’, ‘ரன்ஸ்’, ‘ஃபெல்’ என்று போகின்றன. ‘ரன்ஸ்’ மட்டும் நிகழ்காலம். அதன் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘காலம்?’ என்று எழுதினால் போதும். ‘ரேன்’ என்று நீங்களே எழுதித் தர வேண்டாம். ஆனால் நாய்களுக்கு இடி என்றால் பயம் என்று அதே பத்தியில் நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் அது பிழையல்ல, பொது உண்மை. அவசரத்தில் பலரும் சுழிப்பது இதைத்தான்.

பத்தியில் ‘தேர்ஃபோர்’ வந்தால், முந்தைய வாக்கியம் உண்மையிலேயே காரணம் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘எதனால்?’ என்று கேட்டு எழுதுங்கள். இணைப்புச் சொல்லை மாற்றிப் பயனில்லை. விடுபட்டிருப்பது காரணம், அது அவளுக்குத்தான் தெரியும்.

‘வெரி வெரி சேட்’ என்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். இலக்கணம் சரிதானே, விட்டுவிடுங்கள்.