கிணற்று மோட்டாருக்கு எத்தனை எச்.பி.? நீங்களே கணக்குப் போடலாம்

திறந்த கிணற்றில் இறக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து மேட்டிலுள்ள தொட்டிக்கு மணிக்கு 18,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது நொடிக்கு 5 லிட்டர்.

முதலில் ஹெட். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து தொட்டியில் பைப் கொட்டும் இடம் வரைதான் உயரம். கோடையில், இப்போதுள்ள மோட்டார் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகு, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்து பாருங்கள். பைப் நீளத்தை வைத்து ஊகிப்பதைவிட இதுவே நம்பகமானது. மட்டம் தரையிலிருந்து 14 மீட்டர் கீழே, பைப் வாய் 6 மீட்டர் மேலே என்றால் 20 மீட்டர்.

அடுத்து உராய்வு. 75 எம்.எம். பி.வி.சி. பைப் 120 மீட்டர் ஓடினால் சுமார் மூன்றரை மீட்டர் போகும். பெண்டு, வால்வுக்கு ஒன்றரை சேர்த்து மொத்த ஹெட் 25 மீட்டர் என்று வைப்போம். காசு மிச்சம் என்று 50 எம்.எம். பைப் போட்டால் உராய்வு மட்டும் 24 மீட்டர் பக்கம் போய்விடும். நான் எப்போதும் பெரிய பைப் பக்கம்தான்.

சரி, இப்போது சூத்திரம். Q நொடிக்கு எத்தனை லிட்டர், H மொத்த ஹெட், η செயல்திறன். முதலில் η-ஆல் வகுக்காமல் கணக்கிடுவோம்:

```
P (W) = 9.81 × Q (L/s) × H (m) ÷ η
9.81 × 5 × 25 = 1226 W
```

1226 வாட் என்பது தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி. பம்பின் செயல்திறன் 60%, மோட்டாருடையது 75% என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 0.60 × 0.75 = 0.45. அப்படியானால் லைனிலிருந்து இழுக்கும் மின்சாரம் 1226 ÷ 0.45 = 2724 வாட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.7 யூனிட்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். 2724-ஐ 746-ஆல் வகுத்தால் 3.65 எச்.பி. வரும், உடனே 5 எச்.பி. வாங்கத் தோன்றும். ஆனால் மோட்டார் பிளேட்டில் உள்ள எச்.பி., மோட்டார் தண்டில் கிடைக்கும் சக்தி. மோட்டாருக்குள் வீணாவது அதில் சேராது. எனவே மோட்டாரின் அளவுக்குப் பம்பின் செயல்திறனால் மட்டும் வகுங்கள்: 1226 ÷ 0.60 = 2043 வாட், அதாவது 2.74 எச்.பி. 3 எச்.பி. போதும். கூட்டுச் செயல்திறன் கரண்டுச் செலவுக்கும் கேபிள் அளவுக்கும்தான்.

60, 75 என்பவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். வாங்கப்போகும் பம்பின் அட்டவணையில் 25 மீட்டர் ஹெட்டுக்கு எதிரே உள்ள எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் மட்டம் 10 மீட்டர் ஏறினால் ஹெட் குறையும், பம்பு அதிகத் தண்ணீர் தள்ளும், மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் பெரும்பாலும் கூடும். பிளேட்டில் அச்சிட்ட ஹெட் வரம்புக்குள் அந்தக் குறைந்த ஹெட்டும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பிளேட்டிலுள்ள அளவைத் தாண்டாமல் வைத்து ஓட்டுங்கள்.