நான் "டிட்டர்மைன்" என்றேன், அவர்கள் சிரித்தார்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், காலைக் கூட்டத்தில் "determine" என்ற ஆங்கிலச் சொல்லை "டிட்டர்மைன்" என்று சொல்லிவிட்டேன். அது "டிட்டர்மின்" என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று முழுவதும் ஒரு சக ஊழியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே இழுத்து இழுத்துச் சொன்னார்.

எனக்கு இலக்கணம் தகராறு செய்யவில்லை. ஆங்கிலத்தைக் காதால் அல்ல, கண்ணால் கற்றவன் நான். தமிழில் எழுத்தைப் பார்த்தால் வாசித்துவிடலாம். ஆங்கிலம் அப்படி இல்லை.

எனவே பொதுவான பேச்சுப் பயிற்சி எதிலும் சேரவில்லை. எங்கள் வேலையில் அன்றாடம் புழங்கும் சொற்களை மட்டும் பட்டியலிட்டு, இணைய அகராதியில் ஒலிப்பைக் கேட்டு, எந்த அசையை அழுத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். "டெவலப்" என்பதில் அழுத்தம் நடு அசையில் விழுகிறது. நான் முதல் அசையை அழுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் சொல்ல வேண்டியதை இரவே கைப்பேசியில் பதிவு செய்து கேட்பேன். தன் குரலைத் தானே கேட்பது கொடுமைதான், ஆனால் பிழை உடனே பிடிபடும்.

கேலி செய்தவரைத் தேநீர் இடைவேளையில் தனியாக அழைத்து, "தவறாகச் சொன்னால் அப்புறம் திருத்துங்கள், கூட்டத்தில் சிரிக்காதீர்கள்" என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் நிறுத்திவிட்டார். எதிர்பாராத கேள்வி வந்தால் இன்றும் தடுமாறுகிறேன். "சரிபார்த்துவிட்டு மதியத்துக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அப்படியே அனுப்பியும் விடுகிறேன்.